ஷூவுக்குள் நாலு மில்லிமீட்டர்

கடையில் போட்டுப் பார்த்தபோது ஷூ சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, காலுறையோடு நாடாவை இறுக்கிக் கட்டி, பள்ளிக்கூடம் வரை நடந்து போனதும் தொல்லை தொடங்குகிறது. புறங்காலை யாரோ கையால் அமுக்குவது போல் இருக்கிறது. மாலையில் நாடாவை அவிழ்த்தால், நாடா கிடந்த இடமெல்லாம் குறுக்குக் கோடுகளாகச் சிவந்து கிடக்கின்றன. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப் போனது போன்ற உணர்வு. புறங்காலின் தோலுக்கு அடியிலேயே மெல்லிய நரம்பு ஒன்று அந்த இரு விரல்களின் இடைவெளியை நோக்கிச் செல்கிறது. நாடாவின் இறுக்கம் அதன் மேல் விழுவதால் வரும் மரப்பு அது.

ஷூவைத் திருப்பிக் கொடுக்க முடியாது, மண் பட்டுவிட்டது. அப்பாவிடம் இன்னொரு ஜோடி கேட்கவும் தயக்கம். அப்போது அண்ணனோ நண்பனோ ஒரு யோசனை சொல்வான்: “உள்ளே ஒரு மெத்தை இருக்கிறதே, அதை உருவி எறி. இடம் வந்துவிடும்.”

இந்த யோசனை சில பேருக்குப் பலிக்கிறது. சில பேருக்குப் பலிக்கவில்லை. சிலருக்கோ முன்பு இல்லாத புதுத் தொல்லைகளைக் கொண்டு வருகிறது. ஒரே செயல் ஏன் இப்படி மூன்று விதமாக முடிகிறது? காரணம் வெறும் வடிவ கணிதம்தான். பத்தாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் கொசைன் இருந்தால் போதும். மெத்தையை உருவுவதற்கு முன்பே விளைவை ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

இரண்டு தளங்கள்

முதலில், உருவுவது எதை என்று தெளிவாக்கிக் கொள்வோம். ஷூவுக்குள் கால் நிற்கும் தளம் ஒன்றல்ல, இரண்டு. மேலே கிடப்பது துணி ஒட்டிய நுரை மெத்தை. இதைத்தான் கடைக்காரர் ‘இன்சோல்’ என்கிறார். பல விளையாட்டு ஷூக்களில் இது சும்மா வைக்கப்பட்டிருக்கும்; அல்லது குதிகால் பக்கத்தில் இரண்டு பொட்டுப் பசையால் மட்டும் ஒட்டியிருக்கும். குதிகால் ஓரத்தில் விரல் நகத்தைக் கொடுத்து நெம்பினால் எழும்பி வந்துவிடும்.

அதற்குக் கீழே இருப்பது ஷூவின் உண்மையான தரை. தோல் ஷூ என்றால் அது கெட்டியான அட்டை. மேல்தோலை ‘லாஸ்ட்’ என்னும் கால் அச்சின் மேல் இழுத்து, அதன் விளிம்பை இந்த அட்டையின் அடியில் மடித்து ஒட்டியிருப்பார்கள். விளையாட்டு ஷூ என்றால் பெரும்பாலும் அட்டைக்குப் பதில் ஒரு துணித் தகடு இருக்கும். மேற்பகுதியை அதனோடு ஓரம் முழுக்கச் சுற்றித் தைத்திருப்பார்கள். இந்த இரண்டாவது தளத்தைக் கழற்ற முடியாது. கழற்றினால் ஷூவே பிரிந்து போகும்.

விலை குறைந்த பள்ளி ஷூக்கள் பலவற்றில் மேல் மெத்தை நெடுக ஒட்டப்பட்டிருக்கும். அதைப் பலவந்தமாகக் கிழித்தால் நுரை பாதி வரும். பாதி தரையோடு தங்கிவிடும். அந்த மேடு பள்ளத்தின் மேல் நடப்பதைவிட இறுக்கமான ஷூவோடு நடப்பதே மேல். எனவே, நாம் இனிப் பேசப் போவது எளிதில் எழும்பி வரும் மெத்தையைப் பற்றி மட்டும்தான்.

நூலும் நோட்டுப் புத்தகமும்

இப்போது ஒரு சிறு சோதனை. தடித்த பாடப் புத்தகம் ஒன்றை எடுத்து, அதன் குறுக்கே ஒரு நூலை ஒரு சுற்று சுற்றுங்கள். நூலின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் மையால் குறியிடுங்கள். பிறகு அதே அகலமுள்ள மெல்லிய நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பாடப் புத்தகத்தின் அடியில் வைத்து மறுபடி சுற்றுங்கள். நோட்டின் தடிமன் 4 மில்லிமீட்டர் என்றால் நூல் எவ்வளவு கூடுதலாகத் தேவைப்படும்? நாலு அல்ல, எட்டு! நூல் இடப்பக்கம் ஒரு முறையும் வலப்பக்கம் ஒரு முறையும் அந்தத் தடிமனைக் கடக்க வேண்டியிருக்கிறதே.

பாடப் புத்தகம்தான் உங்கள் கால், நோட்டுதான் மெத்தை, நூல்தான் ஷூவின் சுவர். நோட்டை உருவிவிட்டால் நூலில் 8 மில்லிமீட்டர் தொய்வு கிடைக்கும். ஷூவுக்குள்ளும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. மெத்தையின் தடிமன் எவ்வளவோ, அதைப் போல் இரு மடங்கு சுற்றளவு காலுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது.

இந்த 8 மில்லிமீட்டர் சிறியதா பெரியதா? ஷூ செய்பவர்களின் அளவுகோலைக் கொண்டு பார்ப்போம். ஆங்கில முறையில் 5 என்ற அளவுக்கும் 6 என்ற அளவுக்கும் நீளத்தில் உள்ள வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். நீளத்தைத் தவிர அகலத்துக்கும் தனி வரிசை உண்டு. ஒரே நீளத்தில் ஒடுக்கமான ஷூ, நடுத்தர ஷூ, அகலமான ஷூ என்று செய்வார்கள். இந்த வரிசையில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும், முன்பாதத்தைச் சுற்றி அளந்தால், வழக்கமாகக் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். அப்படியானால் 4 மில்லிமீட்டர் மெத்தையை எடுப்பது, சுற்றளவுக் கணக்கில் ஒரு படிக்கும் மேலே தாவுவதற்குச் சமம்! சின்ன விஷயம் என்று நினைத்தது சின்ன விஷயம் அல்ல.

நம் நாட்டுக் கால்களுக்கு இந்தப் படி முக்கியமானது. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தினர் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தார்கள். இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது என்பது அதில் தெரிந்தது. நம் கடைகளில் விற்கும் ஷூக்களோ பெரும்பாலும் ஆங்கில, ஐரோப்பிய அளவு முறைகளைப் பின்பற்றிச் செய்யப்பட்டவை. அகலத்தில் ஒரே படிதான் கடையில் கிடைக்கும். அதனால் நம்மில் பலர் அகலத்துக்காக நீளத்தில் ஒரு எண் பெரிதாக வாங்கிவிடுகிறோம். வேறு சிலர் மெத்தையை உருவுகிறோம்.

மேலே முழுப் பங்கு, பக்கத்தில் பூஜ்யம்

இங்கேதான் எல்லாரும் ஏமாறும் இடம் வருகிறது. சுற்றளவு 8 மில்லிமீட்டர் கூடியது உண்மை. ஆனால் அந்த இடம் ஷூவுக்குள் எங்கே கிடைக்கிறது?

வீட்டில் ஒன்றுக்குள் ஒன்று செருகும் டம்ளர்கள் இரண்டு இருந்தால் எடுத்துக் கவிழ்த்து, ஒன்றின் மேல் ஒன்று மூடுங்கள். அடியில் இருப்பது கால். மேலே மூடியிருப்பது ஷூ. இப்போது மேல் டம்ளரை 4 மில்லிமீட்டர் உயர்த்துங்கள். உச்சியில் இரண்டுக்கும் இடையே முழுசாக 4 மில்லிமீட்டர் இடைவெளி கூடுகிறது. பக்கச் சுவர்களைப் பாருங்கள். அங்கே கூடிய இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. டம்ளரின் சுவர் நேர் செங்குத்தாக இருந்தால், எவ்வளவு தூக்கினாலும் பக்கத்தில் கூடுவது பூஜ்யம்தான்.

மெத்தையை எடுக்கும்போது ஷூ உயர்வதில்லை, கால் இறங்குகிறது. விளைவு ஒன்றேதான். கால் நேர் கீழே இறங்குகிறது. எந்த இடத்தில் மேல்தோல் தட்டையாகக் காலின் மேல் படுத்திருக்கிறதோ, அங்கே இறங்கிய தூரம் முழுவதும் இடைவெளியாகிறது. மேல்தோல் சாய்வாக இருக்கும் இடத்தில் அதன் ஒரு பங்குதான் கிடைக்கும். அந்தப் பங்கு எவ்வளவு? மேல்தோல் தரையோடு செய்யும் கோணத்தின் கொசைன் எவ்வளவோ அவ்வளவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால் 4 மில்லிமீட்டர் இறங்கியதாக வைத்துக் கொள்ளுங்கள். விரல்களுக்கு மேலே ஷூவின் சாய்வு சுமார் 20 பாகை என்றால், கொசைன் 0.94. அங்கே கிடைப்பது 3.8 மில்லிமீட்டர். புறங்காலில் ஷூ கணுக்காலை நோக்கி ஏறிச் செல்கிறது. சாய்வு 30 பாகை என்றால் கிடைப்பது 3.5 மில்லிமீட்டர். முன்பாதத்தின் பக்கச் சரிவு 60 பாகை என்றால் சரிபாதி, 2 மில்லிமீட்டர். சுண்டுவிரலின் வெளிப்பக்கம் சுவர் ஏறக்குறையச் செங்குத்து. 80 பாகை என்றால் 0.7 மில்லிமீட்டர். 90 பாகையில் ஒன்றுமே இல்லை.

அதற்கும் கீழே இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஷூவின் சுவர், தரையோடு சேரும் மூலையில் உள்நோக்கி வளைகிறது. விளிம்பில்லாத தட்டைவிடக் கிண்ணத்தின் அடிப்பகுதியை நினைத்துக் கொள்ளுங்கள். மெத்தை அந்த மூலையை நிரப்பி, காலைச் சற்று அகலமான மட்டத்தில் தாங்கிக் கொண்டிருந்தது. அதை எடுத்ததும் கால் ஒடுக்கமான மட்டத்துக்கு இறங்குகிறது. ஆகவே, சுண்டுவிரல் ஓரம் நசுங்குகிறதே என்று மெத்தையை எடுத்தவருக்குப் பலன் இல்லாதது மட்டுமல்ல, சில ஷூக்களில் வலி சற்றுக் கூடவும் செய்யும். நீளத்தின் கதையும் இதேதான். ஷூவின் முன் சுவர் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது.

ஆக, மெத்தையை எடுப்பது உயரத்தைத் தருகிறது. அகலத்தையோ நீளத்தையோ தருவதில்லை. புறங்காலில் நாடா அழுத்தினால், அல்லது விரல்களின் மேற்புறமோ நகமோ கூரையில் இடித்தால் இந்த வைத்தியம் பலிக்கும். பக்கவாட்டில் நசுங்கினாலோ, பெருவிரல் முன்னால் முட்டினாலோ பலிக்காது.

உங்களுடையது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க, அந்த மெத்தையே ஒரு நல்ல கருவி. அதை வெளியே எடுத்துத் தரையில் வையுங்கள். காலுறையோடு அதன் மேல் ஏறி, குதிகாலை அதன் பின் விளிம்போடு பொருத்தி, முழு எடையும் அந்தக் காலில் விழும்படி நில்லுங்கள். உட்கார்ந்து பார்க்கக் கூடாது; எடை விழும்போதுதான் பாதம் பரந்து நீள்கிறது. மாலையில் பார்ப்பது இன்னும் நல்லது, அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். மெத்தை என்பது ஷூவின் தரைப்படம் அல்லவா? நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் மெத்தை தெரிய வேண்டும். பக்கங்களில் பாதம் மெத்தையைத் தாண்டி வழியக் கூடாது. வழிந்தால் ஷூ உங்களுக்கு ஒடுக்கமானது. மெத்தையை எடுத்து என்ன பயன்? வழியவில்லை, முன்னாலும் இடம் இருக்கிறது, ஆனாலும் போட்டால் அழுத்துகிறது என்றால், குறைவது உயரம்தான். அப்போது துணிந்து அடுத்த படிக்குப் போகலாம்.

ஒரு மாணவியின் ஷூ

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விளையாட்டு ஷூவை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். மெத்தையின் மேல் நின்று பார்த்ததில் நீளம், அகலம் இரண்டும் சரி. புறங்கால்தான் அழுந்துகிறது. மெத்தையை வெர்னியர் அளவியால் அளந்தால் முன்பாதத்தில் 5 மில்லிமீட்டர், குதிகாலில் 7 மில்லிமீட்டர். அளக்கும்போது அளவியின் தாடைகளை இறுக்கி நுரையை நசுக்கிவிடக் கூடாது. லேசாகத் தொட வேண்டும்.

ஆனால் கணக்கில் இந்த 5ஐ அப்படியே போடக் கூடாது. இந்த நுரை எத்திலீன் வினைல் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதற்குள் மூடிய நுண்ணறைகள் ஏராளம். ஒவ்வொன்றிலும் வாயு அடைபட்டிருக்கிறது. நிற்கும்போது அறைச் சுவர்கள் வளைந்து, வாயு நெருக்கப்பட்டு, மெத்தை மெலிகிறது. கால் நிற்பது 5 மில்லிமீட்டர் மெத்தையின் மேல் அல்ல. எடையால் நசுங்கி, சுமார் 4 மில்லிமீட்டராகிவிட்ட மெத்தையின் மேல். குதிகாலில் 7 என்பது ஐந்தரை ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். மெத்தையை எடுத்தால் கிடைப்பது இந்த நசுங்கிய தடிமன்தான்.

பல மாதம் போட்ட ஷூவில் நுரையின் அறைகள் நிரந்தரமாகவே ஒடுங்கிப் போயிருக்கும். வாங்கியபோது சற்று இறுக்கமாக இருந்த ஷூ நாளாக ஆகச் சரியாகிவிடுவதற்கு மேல்தோல் இளகுவது மட்டும் காரணமல்ல. கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக் கொண்டிருப்பதும் ஒரு காரணம். புது ஷூ லேசாகத்தான் அழுத்துகிறது என்றால், எதையும் உருவாமல் சில வாரம் பொறுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

மாணவியின் கணக்குக்கு வருவோம். முன்பாதத்தில் 4 மில்லிமீட்டர் இறக்கம். சுற்றளவில் 8 மில்லிமீட்டர் லாபம். இந்த லாபத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியும். நாடா கோக்கும் துளைகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன அல்லவா? மெத்தையோடு கட்டியபோது இரண்டு வரிசைகளுக்கும் இடையே இடைவெளி 14 மில்லிமீட்டர் என்று வையுங்கள். மெத்தையை எடுத்துவிட்டு அதே இறுக்கத்தில் கட்டினால், தொய்வு முழுவதையும் நாடா இழுத்துக் கொள்ளும். இடைவெளி சுமார் 6 மில்லிமீட்டராகும். இன்னும் இறுக்க இடம் மிச்சம் இருக்கிறது. நல்லது. அதுவே முதலில் இடைவெளி 6 மில்லிமீட்டர்தான் இருந்தது என்றால்? இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று முட்டிக் கொள்ளும். அதற்கு மேல் நாடாவை எவ்வளவு இழுத்தாலும் காலைப் பிடிக்காது. எனவே மெத்தையைத் தொடுவதற்கு முன் நாடா இடைவெளியைப் பாருங்கள். இரு வரிசைகளும் அகல விரிந்து நின்றால் கால் ஷூவுக்குப் பருமன். எடுப்பதில் அர்த்தம் உண்டு. ஏற்கெனவே நெருங்கி நின்றால், வலிக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. நாடாவை அளவுக்கு மீறி இறுக்குவதேகூடக் காரணமாக இருக்கலாம்.

குதிகால் இறங்கும்போது

முன்பாதத்தில் கிடைத்த லாபத்துக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் குதிகால்.

ஷூவின் பின்பகுதி விறைப்பாக இருப்பதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அது நேர் சுவர் அல்ல. அடியிலிருந்து சற்று உயரத்தில் பின்னோக்கிக் குழிந்து, மேல் விளிம்பில் மறுபடி முன்னோக்கி வளைகிறது. குதிகாலின் உருண்டை அந்தக் குழிக்குள் உட்கார்ந்து கொள்ளும். மேல் வளைவு அதை எழும்ப விடாமல் பிடித்துக் கொள்ளும். எந்த உயரத்தில் குழி இருக்க வேண்டும் என்பதை ஷூவை வடிவமைப்பவர் மெத்தையையும் சேர்த்தே கணக்கிட்டிருப்பார். நம் மாணவியின் குதிகால் ஐந்தரை மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. உருண்டை குழிக்குக் கீழே போய்விட்டது. மேல் வளைவுக்கும் குதிகாலுக்கும் நடுவே சந்து விழுகிறது. ஒவ்வோர் அடியிலும் குதிகால் மேலும் கீழும் வழுக்கும். இரண்டு நாளில் குதிகாலின் பின்புறம் கொப்புளம் எழும்பும்.

ஷூவின் வாயும் கணுக்காலைப் பொறுத்தவரை அதே ஐந்தரை மில்லிமீட்டர் உயர்ந்துவிடுகிறது. உங்கள் கணுக்கால் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். வெளிப்பக்க எலும்பு உட்பக்கத்தைவிடத் தாழ்வாக இருக்கும். அதனால் ஷூவின் விளிம்பு முதலில் உரசுவது வெளிப்பக்கத்தில்தான். மெத்தையை எடுத்த மறுநாள் அங்கே தோல் சிவந்தால், காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மெத்தையை எடுத்த பிறகு, “ஷூ நீளத்தில் குட்டையாகிவிட்டது, பெருவிரல் முட்டுகிறது” என்று சிலர் சொல்வார்கள். ஷூ எப்படிக் குட்டையாகும்? மாடிப்படியில் இறங்கும்போதும், ஓடி வந்து சட்டென்று நிற்கும்போதும் கால் ஷூவுக்குள் முன்னோக்கிச் சறுக்கப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்தும் பிரேக் எது தெரியுமா? புறங்காலின் மேல் படிந்திருக்கும் நாக்கும் நாடாவும்தான். அங்கே தொய்வு அதிகமானால் பிரேக் பிடிப்பதில்லை. பெருவிரல் போய் முன் சுவரில் மோதுகிறது. பல நாள் மோதினால் நகத்தின் அடியில் இரத்தம் கட்டி நகம் கறுக்கும். புறங்கால் வலிக்கு மருந்து தேடி நக வலியில் மாட்டிக் கொள்வது இப்படித்தான்.

எனவே மாணவிக்கு எது நல்லது? மெத்தையை அடியோடு எடுப்பது அல்ல. அதன் இடத்தில் மெல்லிய ஒன்றைப் போடுவது. ஒன்றரை மில்லிமீட்டர் தோல் அல்லது கெட்டியான துணி அட்டையைப் பழைய மெத்தையின் வடிவத்திலேயே வெட்டிப் போட்டால், இறக்கம் 4 கழித்தல் ஒன்றரை, அதாவது இரண்டரை மில்லிமீட்டர். சுற்றளவில் லாபம் 5 மில்லிமீட்டர். அகல வரிசையில் ஒரு படிக்குச் சற்றுக் குறைவு. அவள் ஷூவுக்கு அதுவே போதும். குதிகாலும் ஐந்தரைக்குப் பதில் 4 மில்லிமீட்டர்தான் இறங்குகிறது. அதுவும் கூடாது என்றால் குதிகால் பகுதியில் மட்டும் ஓர் அட்டையைக் கூடுதலாக ஒட்டி இறக்கத்தைக் குறைக்கலாம். முன்னால் இடம் வேண்டும், பின்னால் உயரம் மாறக் கூடாது. இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்ய நமக்கு உரிமை இருக்கிறதே!

போடுவதற்கு முன் கையை ஷூவுக்குள் விட்டு, விரல் நுனியால் தரை முழுவதையும் தடவிப் பார்ப்பது அவசியம். ஓரத்தில் சுற்றிலும் தையல் மேடு தட்டுப்படலாம். காய்ந்த பசை முள்ளாக நிற்கலாம். தோல் ஷூவின் குதிகாலில் ஆணித் தலை இருக்கலாம். அச்சில் வார்த்த சில அடிப்பகுதிகளில், பொருளை மிச்சப்படுத்தத் தேன்கூடு போலக் குழிகள் விட்டிருப்பார்கள். அவற்றை மேலே மூடியிருப்பது மெல்லிய தகடுதான். இவற்றின் மேல் வெறுமனே நடந்தால், உடல் எடை முழுவதும் சில புள்ளிகளில் குவியும். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று படித்திருக்கிறோம். பரப்பு சுருங்கினால் அழுத்தம் ஏறும். மெத்தை செய்து கொண்டிருந்த வேலையே அந்தப் பரப்பை விரிப்பதுதான்.

கணக்கு தலைகீழாகவும் செல்லும். மெதுமெதுப்பாக இருக்கட்டுமே என்று கடையில் தனியாக ஒரு மெத்தை வாங்கி, இருப்பதன் மேலேயே போடுபவர்கள் உண்டு. 4 மில்லிமீட்டர் மெத்தை என்றால் சுற்றளவில் 8 மில்லிமீட்டர் பறிபோகிறது. விரல்கள் கூரையில் இடிக்கின்றன. குதிகால் குழியிலிருந்து மேலே எழும்பி, பிடிப்பை விட்டு வழுக்குகிறது. குதிகால் இறங்கினாலும் வழுக்கல், ஏறினாலும் வழுக்கல்! புது மெத்தை வாங்கினால் பழையதை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். இரண்டின் தடிமனையும் அளந்து, வித்தியாசத்தை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மெத்தையே மருந்தாகும்போது

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் எல்லாருடைய ஷூவிலும் கை வைத்துவிடாதீர்கள். முக்கியமாக, நீரிழிவு நோயுள்ள தாத்தா, பாட்டியின் காலணியில். நீரிழிவு நீண்ட காலம் இருந்தால் பாதத்தின் நரம்புகள் கெட்டு, வலி தெரியாமல் போகலாம். ஆணித் தலை குத்தினால் நீங்கள் “ஆ” என்று ஷூவைக் கழற்றுவீர்கள். அவர் அதன் மேலேயே நாள் முழுக்க நடப்பார். காயம் புண்ணாகி, விரலையோ காலையோ இழக்கும் அளவுக்கும் போவதுண்டு.

இப்படி உணர்வற்ற பாதங்களுக்கு மெத்தை எவ்வளவு தேவை என்பதை உலகம் கற்றுக் கொண்ட இடங்களில் ஒன்று நம் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வருவது நோய்க் கிருமியால் மட்டும் அல்ல, நடக்கும்போது விழும் அழுத்தத்தால்தான் என்பதை எடுத்துக் காட்டினார்கள். நுண்ணறைகள் கொண்ட மிருதுவான ரப்பரைத் தளமாக வைத்த செருப்புகள் அந்த நோயாளிகளின் பாதங்களைக் காப்பாற்றின.

ஷூவில் அத்தகைய தடித்த மெத்தையைப் போட வேண்டுமானால் என்ன செய்வது? வெறுமனே திணித்தால் விரல்கள் கூரையில் இடித்து, அங்கே புண் வரும். மேலே போட்ட அதே கணக்குத்தான். ஆகவே இவர்களுக்கென்று ஆழமான ஷூக்களைச் செய்கிறார்கள். அதற்குள் குதிகாலிலிருந்து விரல் வரை ஒரு நிரப்பு மெத்தை இருக்கும். அதை எடுத்துவிட்டு, நோயாளியின் பாதத்துக்கென்று செய்த மெத்தையைப் போடுவார்கள். அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இத்தகைய ஷூவுக்கு ஓர் இலக்கணமே வகுத்திருக்கிறது: நிரப்பு மெத்தையை எடுத்தால் குறைந்தது பதினாறில் மூன்று பங்கு அங்குல ஆழம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். மில்லிமீட்டரில் சொன்னால் 4.8. அந்த ஷூவில் மெத்தையை எடுத்தாலும் குதிகால் குழியை விட்டு இறங்காது, ஏனெனில் எடுத்த இடத்தில் அதே உயரத்துக்கு வேறு மெத்தை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

உங்கள் ஷூவில் மாற்றம் செய்து முடித்ததும் மூன்றே சோதனைகள். நாடாவைக் கட்டி நின்று, துளை வரிசைகளுக்கு நடுவே சந்து இருக்கிறதா என்று பாருங்கள். நடந்து பார்த்து, குதிகால் எழும்புகிறதா என்று கவனியுங்கள். பிறகு மாடிப்படியில் இரண்டு முறை இறங்குங்கள். பெருவிரல் முன்னால் போய் இடித்தால் எடுத்தது அதிகம். இன்னும் ஓர் அட்டையை உள்ளே போடுங்கள். கழற்றிய மெத்தையைத் தூக்கி எறிய வேண்டாம். வலது, இடது என்று எழுதி அலமாரியில் வையுங்கள். அடுத்த அட்டையை வெட்ட அதுதான் அளவு.